பிரசவத்துக்கு முன் தொடங்கிய விடுப்பு

கேள்வி: 2025 ஜூன் 2, திங்கட்கிழமை முதல் விடுப்பில் இருக்கிறேன். ஜூலை 14 என்று குறித்திருந்த பிரசவம் 21-ஆம் தேதிதான் நிகழ்ந்தது. இருபத்தாறு வாரத்தைப் பிரசவ தினத்திலிருந்து எண்ணலாமா? (வாசகி, பெங்களூரு)

பதில்: எண்ணலாகாது, சகோதரி. 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்த இருபத்தாறு வாரங்களில், எதிர்பார்க்கும் பிரசவ தினத்துக்கு முன் எட்டு வாரத்துக்கு மேற்படாமல் எடுக்கும் பகுதியும் அடக்கமாதலால், கணக்கு விடுப்பின் முதல் தினத்திலேயே ஆரம்பமாகிறது. வாரமென்பது ஞாயிறு உட்படத் தொடர்ச்சியான ஏழு தினங்களே என்று, கோயமுத்தூர்த் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து எழுந்த வழக்கில் 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே ஜூன் 2-ஐ முதல் நாளாகக் கொண்டு 182 நாட்களை எண்ணினால், ஜூனில் 29, ஜூலையில் 31, ஆகஸ்டில் 31, செப்டம்பரில் 30, அக்டோபரில் 31, நவம்பரில் 30 என்று நவம்பர் 30, ஞாயிறன்று அது பூர்த்தியாகும். டிசம்பர் 1, திங்களன்று தாங்கள் உத்தியோகத்துக்குத் திரும்ப வேண்டும். இடையே வரும் நவம்பர் 1, கன்னட ராஜ்யோத்சவம் முதலிய விடுமுறைகளுக்காக ஒரு நாளும் கூடாது.

ஜூன் 2-இலிருந்து அப்படியே 182-ஐக் கூட்டுவோருக்கு டிசம்பர் 1 கடைசி விடுப்பு நாளாகத் தோன்றும். முதல் நாளையும் சேர்த்து எண்ணினால் அப்பிழை நேராது. பிரசவம் ஒரு வாரம் தாமதித்ததால் முடிவுத் தேதி நகரவில்லை; பிரசவ தினம் முதல் எஞ்சுவது இருபது வாரமன்று, பத்தொன்பதே. பிரசவத்தால் விளைந்த நோய்க்கு மருத்துவச் சான்று இருப்பின், அதிகபட்சம் ஒரு மாதம் ஊதியத்தோடு கூடுதலாகக் கோரலாம்.