நாள்களை எண்ணும் வானியல்

பெர்சியஸ் விண்மீன் குழுவில் உள்ள அல்கோல், ஏறத்தாழ 2.867 நாள்களுக்கு ஒருமுறை மங்கும். ஒன்றையொன்று சுற்றும் இரு விண்மீன்களில் ஒளி குறைந்தது மற்றொன்றை மறைப்பதே அதற்குக் காரணம். இந்தக் கால இடைவெளியைத் துல்லியமாக அறிய, இரு மங்கல்களுக்கிடையே எத்தனை நாள்கள் கழிந்தன என்பது தெரியவேண்டும். மாதங்களின் நாள்கள் சீராக இல்லை. லீப் ஆண்டுகளும் குறுக்கிடும். 1582ஆம் ஆண்டு ரோமில் அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று.

இச்சிக்கலைத் தவிர்க்க, வானியலாளர் மாதமும் ஆண்டுமின்றி நாள்களை மட்டும் தொடர்ந்து எண்ணுகின்றனர். அவ்வெண்ணே ஜூலியன் நாள் எண். கி.மு. 4713 ஜனவரி 1 நண்பகலே அதன் தொடக்கம். கி.பி. 2000 ஜனவரி 1 நண்பகலில் அது 2451545 ஆயிற்று. மேற்சொன்ன அக்டோபர் 4இன் எண் 2299160. மறுநாளின் எண் 2299161. நாள்காட்டி தாவினாலும் எண்ணிக்கை தாவவில்லை. நாளின் பகுதி பதின்மப் புள்ளிக்குப் பின் எழுதப்படும். எண் நண்பகலில் மாறுவதால், ஐரோப்பாவில் ஓர் இரவின் நோக்கல்கள் ஒரே எண்ணுக்குள் அடங்கின.

இங்கிலாந்தில் ஒருவர், 2023 டிசம்பர் 31 மாலை 6 மணிக்கு அல்கோல் மிக மங்கியிருக்கக் கண்டார் எனக் கொள்வோம். நண்பகலிலிருந்து ஆறு மணி கால் நாள். ஆகவே எண் 2460310.25. பின்னர் 2024 மார்ச் 3 இரவு 7.55 மணிக்கு மீண்டும் மங்கியது, எண் 2460373.33. கழித்தால் 63.08 நாள்கள். இடையில் 22 சுற்றுகள் நிகழ்ந்திருந்தால், ஒரு சுற்று 2.867 நாள். பிப்ரவரிக்கு 29 நாள்களா என நினைவுகூரவேண்டிய தேவை எழவே இல்லை.

ஆயினும் ஏழிலக்க எண் நீளமானது. ஏழிலக்கங்களை மட்டும் தாங்கும் கணினி நினைவிடத்தில் நாளின் பின்னம் மறைந்துவிடும். 1957இல் ஸ்புட்னிக்கின் பாதையைக் கணித்த ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தார், ஜூலியன் எண்ணிலிருந்து 2400000.5 கழித்துப் பயன்படுத்தினர். இதுவே திருத்திய ஜூலியன் நாள். 1858 நவம்பர் 17 நள்ளிரவில் இது பூச்சியமாகிறது. மேற்கண்ட இரு நேரங்களும் 60309.75, 60372.83 ஆகும், வேறுபாடு அதே 63.08.

அந்த அரை நாள் கவனத்திற்குரியது. இது நாளின் தொடக்கத்தை நண்பகலிலிருந்து நள்ளிரவுக்கு மாற்றுகிறது. திருத்திய எண்ணுடன் 2400000 மட்டும் கூட்டுபவரின் கணிப்பு 12 மணி நேரம் பிசகும். அல்கோலின் மங்கல் தொடங்கி முடிய ஏறத்தாழ 10 மணி நேரமே ஆகும். எனவே கணித்த நேரத்தில் நோக்கினால் அது முழு ஒளியுடன் நிற்கும். நோக்கல்கள் யாவும் சரியாக அரை நாள் விலகியிருப்பின், பிழை விண்மீனிடம் இல்லை, கழித்தலில்தான் உள்ளது.