மாவின் பெயரை மாற்றும்போது மாசியும் மாறாதிருக்க

கிராமத்துக் கடையொன்றில் “மா” என்று மட்டும் லேபல் ஒட்டிய பொதிகளில் இருந்தது வறுத்த அரிசி மா. அவித்த கோதுமை மா என எண்ணி வாங்கியவர்கள் அவற்றைத் திருப்பிக் கொண்டுவரத் தொடங்கினர். பெயரை “வறுத்த அரிசி மா” என்று மாற்றித் தரும்படி கடைக்காரர் எம்மைக் கேட்டார். சில்லறை, மொத்த விலைப்பட்டியல்கள் இரண்டும் எக்ஸெல் கோப்புகள். லேபல் மாதிரி வேர்ட்டில் இருந்தது.

முதலில் நாம் அவசரப்பட்டோம். Ctrl+H அழுத்தி, பழைய பெயரையும் புதிய பெயரையும் எழுதி, Replace All கொடுத்தோம். மாசிக் கருவாடு “வறுத்த அரிசி மாசி” ஆயிற்று! உழுத்தம் மாவும் தப்பவில்லை. கோப்பைச் சேமிக்காமல் மூடியதால் பிழைத்தோம்.

மறுமுறை, கோப்புகள் மூன்றையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வைத்துவிட்டே தொடங்கினோம். அதே பெட்டியில் Options அழுத்தி, Match entire cell contents என்பதைத் தெரிவுசெய்தோம். அப்போது “மா” மட்டும் உள்ள கட்டங்களே அகப்படும். Within என்பதில் Workbook கொடுத்தோம். இல்லாவிட்டால் திறந்திருக்கும் தாள் மட்டுமே மாறும். Find All கொடுத்தால் எத்தனை கட்டங்கள் என்று கீழே காட்டும். சில்லறைப் பட்டியலில் 4 காட்டியது. மாற்றிய பின்னும் 4 என்றே சொன்னது. ஆனால் பில் தாளில் விலைக்குப் பதிலாக #N/A வந்தது. அத்தாள் பெயரைக் கொண்டே விலையைத் தேடுகிறது. அங்கே “மா”வுக்குப் பின் ஓர் இடைவெளி தட்டப்பட்டிருந்ததால் அந்தக் கட்டம் மாறவில்லை. அதைக் கையால் திருத்தினோம்.

மொத்த விலைப்பட்டியலில் ஒன்றுமே அகப்படவில்லை. கண்ணுக்கு “மா” தெரிகிறதே! கட்டத்தைச் சொடுக்கி மேலேயுள்ள வரியைப் பார்த்தபோது அங்கே `kh` என்றிருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு அது. கணினிக்கு அது தமிழல்ல, ஆங்கில எழுத்துகளே. ஆகவே `kh` என்றே தேட வேண்டும். Match case என்பதையும் தெரிவுசெய்ய வேண்டும். பாமினியில் சிறிய k ‘ம’, பெரிய K ‘மு’. புதிய பெயரையும் பாமினி முறையிலேயே தட்ட வேண்டும். நாளடைவில் இக்கோப்பை யுனிகோட்டுக்கு மாற்றிவிடுவதே நல்லது என்பது எமது எண்ணம்.

லேபலில் Replace All வேண்டாம். Find Next கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றினோம். நீண்ட பெயர் இரண்டாம் வரிக்கு இறங்கியது. பெட்டியின் உயரம் மாறாததால், அடியிலிருந்த காலாவதித் திகதி மறைந்துபோயிற்று. எழுத்தைச் சற்றுச் சிறிதாக்கி, சாதாரணத் தாளில் ஒன்றை அச்சிட்டு, லேபல் தாளோடு சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். திகதி பெட்டிக்குள் முழுமையாகத் தெரிந்த பிறகே லேபல் தாளை அச்சுப்பொறியில் வைத்தோம்.