முதல் கூட்டத்தில் என்ன கேட்பது?

அன்புள்ள தங்கைக்கு,

குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளராக முதல் கூட்டத்தில் வரவேற்புரை ஆற்றப்போகிறீர்கள். மூன்று நிமிடம் போதும். "உங்கள் தேவைகளைச் சொல்லுங்கள்" என்று முடிப்பதுதான் வழக்கம். அப்படிக் கேட்டால் ரோடு சரியில்லை, தண்ணி சரியில்லை, கொசுத் தொல்லை என்றுதான் பதில் வரும். எல்லாம் உண்மைதான், ஆனால் அதை வைத்து ஒரு மனுகூட உருப்படியாக எழுத முடியாது. அதனால் அவரவர் கண்ணால் கண்டதைக் கேளுங்கள்: எந்த இடம், எத்தனை மணிக்கு, எப்போதிலிருந்து?

தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். நம் ஊர்களில் பெரும்பாலும் குழாயில் சில மணி நேரம்தான் தண்ணீர் வருகிறது. மற்ற நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கும். அதில் விரிசல் இருந்து, பக்கத்தில் சாக்கடையும் ஓடினால், கழிவுநீர் உள்ளே கசியும். மறுநாள் குழாயைத் திறந்ததும் முதல் சில நிமிடம் நாற்றமடிக்கும், பிறகு தெளியும். ஒரே ஒரு வீட்டில் மட்டும் இப்படி என்றால் அந்த வீட்டு இணைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வரிசையாகப் பல வீடுகளில் என்றால் தெருக் குழாயில் பழுது இருக்கலாம். நாற்றம் தொடங்கும் வீட்டுக்கருகே தேடலாம். நாற்றமே இல்லை, கடைக்கோடி வீடுகளுக்கு மட்டும் தண்ணீர் ஏறவில்லை என்றால், முன்வீட்டார் யாரோ குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு இழுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். தெருக் குழாய்ப் பழுது குடிநீர் வழங்கும் அமைப்பு தோண்டிச் சரிசெய்ய வேண்டியது. மோட்டார் விவகாரம் முதலில் தெருவுக்குள் பேசித் தீர்க்க வேண்டியது. கூட்டத்தில் இரண்டுமே "தண்ணி சரியில்லை" என்றுதான் ஒலிக்கும்.

இப்படிக் குடைந்து கேட்டால் சிலர் பேசத் தயங்குவார்கள் என்பார்கள். ஆனால் பொதுவாகக் கேட்கும்போதுதான் மேடைப் பழக்கம் உள்ள நாலு பேர் பேசி முடிப்பார்கள். விடியற்காலையில் குடத்தோடு நிற்பவருக்கு நேரமும் இடமும் சொல்ல எந்தப் பயிற்சியும் வேண்டாம். குடத்தோடு நிற்பவர் வாடகைக்குக் குடியிருப்பவராகவும் இருக்கலாம். ஆகவே வீட்டு உரிமையாளர்களை மட்டும் அழைக்காதீர்கள். பேச விரும்பாதவர்களுக்கு ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுங்கள்.

கேட்டுவிட்டால் எல்லாவற்றையும் செய்து தர வேண்டிவருமே என்பது இன்னொரு தயக்கம், நியாயமானதுதான். அதற்கான பதிலை உரையிலேயே சொல்லிவிடுங்கள். சங்கத்தால் ரோடு போட முடியாது. மனு எழுத முடியும், தொடர்ந்து கேட்க முடியும். சென்னையாக இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகாரைப் பதிந்து, அந்தப் புகார் எண்ணை அடுத்த கூட்டத்தில் வாசிக்கலாம்.

வணக்கம் சொன்னதும் இப்படிப் பேசுங்கள்: "நம் தெருவில் நீங்கள் பார்த்த ஒரே ஒரு குறையை, இடமும் நேரமும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னபடியே எழுதிக்கொள்கிறேன். எழுதியதை இன்றே வாசித்துக் காட்டுகிறேன், தப்பிருந்தால் திருத்துங்கள்." சொன்னபடி அன்றைக்கே வாசித்துவிடுங்கள், தங்கையே; கூட்டம் கலைந்தபின் நினைவிலிருந்து எழுத வேண்டாம்.