மெயிலை பிரிண்ட் எடுத்தால் கடைசிக் கட்டம் காணாமல் போவது ஏன்?

போடிநாயக்கனூரிலும் மலைக்கு அந்தப் பக்கம் புத்தடியிலும் நறுமணப் பொருட்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்கள் இருக்கின்றன. அங்கே ஏலக்காய் விற்ற விவசாயிக்கு விற்பனைக் கணக்கு மெயிலில் வந்தால், கையில் காகிதமாக வேண்டும் என்று பிரிண்ட் எடுக்கும் கடைக்குத்தான் வருவார். லாட் எண், மூட்டை, எடை, கிலோ விலை, மொத்தம், கமிஷன், கழிவு என்று கட்டங்கள் வரிசையாகப் போகும். காகிதம் வெளியே வந்ததும் கேட்பார்: "என்னப்பா, கைக்கு வர்ற தொகை எங்க?" அது வலது ஓரத்துக் கடைசிக் கட்டம். வெட்டுப்படுவதும் அதுதான்.

முதலில் ஒன்றைப் பாருங்கள். பிரிண்ட் கொடுக்கும்போது திரையில் தெரியும் மாதிரிப் பக்கத்திலேயே கட்டம் இல்லையா, அல்லது அங்கே முழுதாக இருந்து காகிதத்தில் மட்டும் குறைகிறதா? இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

காகிதத்தில் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் தாள் அளவில் கோளாறு. `Paper size` என்ற இடத்தில் Letter என்று இருக்கும். பிரிண்டரில் கிடப்பதோ A4. Letter தாள் 216 மி.மீ. அகலம், A4 வெறும் 210. அந்த 6 மி.மீ.யில் ஒரு இலக்கம் போய்விடும். A4 என்று மாற்றினால் போதும்.

மாதிரியிலேயே இல்லையென்றால் மெயிலுக்குள் இருக்கும் அட்டவணை தாளைவிட அகலம் என்று பொருள். ஜிமெயிலில் மெயிலைத் திறந்து, அனுப்பியவர் பெயர் இருக்கும் வரிசையின் வலது கோடியில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி `Print` கொடுங்கள். மேலே தனியாக இருக்கும் பிரிண்டர் படத்தை அழுத்தினால் அந்த உரையாடலின் எல்லா மெயில்களும் சேர்ந்து வந்து தாள் வீணாகும்.

குரோமில் திறக்கும் பிரிண்ட் பெட்டியில் `Layout` என்பதை `Landscape` ஆக்குங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். A4 தாளில் இரு பக்கமும் 1 செ.மீ. ஓரம் விட்டால் மிச்சம் 190 மி.மீ.; பிரவுசர் கணக்கில் சுமார் 718 பிக்சல். தாளைக் குறுக்கே திருப்பினால் 277 மி.மீ., அதாவது சுமார் 1,047 பிக்சல். 1,000 பிக்சல் அகலத்துக்கு அமைத்த அட்டவணை நிமிர்ந்த தாளில் வெட்டுப்படும், குறுக்குத் தாளில் உட்கார்ந்துவிடும்.

நிமிர்ந்த தாள்தான் வேண்டும், ஃபைலில் கோக்க வேண்டும் என்றால் `More settings` திறந்து `Scale` என்பதை `Custom` ஆக்கி 70 போடுங்கள். 718-ஐ 1,000-ஆல் வகுத்தால் சுமார் 72 சதவீதம் வரும்; 70 அதற்குள் அடங்கிவிடும். கடைசிக் கட்டம் தெரியும்வரை ஐந்து ஐந்தாகக் குறைக்கலாம். ஆனால் 60-க்குக் கீழே போனால் எழுத்து எறும்பு வரிசை போல ஆகிவிடும். கண்ணாடி போட்டவர் திரும்பக் கடைக்கு வருவார். அப்படிப்பட்ட அட்டவணையை காப்பி செய்து கூகுள் ஷீட்ஸில் ஒட்டி, அங்கிருந்து `Fit to width` கொடுத்து எடுப்பதே நல்லது.

அடுத்தது, தேவையில்லாத வரிகள். இவை மூன்று இடத்திலிருந்து வருகின்றன. ஒரே பட்டனில் மூன்றும் போகாது.

தாளின் உச்சியில் தேதி, அடியில் நீளமான இணைய முகவரி, பக்க எண் இருந்தால் அவை பிரவுசர் போடுபவை. `More settings`-ல் `Headers and footers` டிக்கை எடுத்தால் மறைந்துவிடும். ஜிமெயில் சின்னம், உங்கள் முகவரி, தலைப்பு, அனுப்பியவர் பெயர் ஆகியவை ஜிமெயில் சேர்ப்பவை. அந்த டிக்குக்கு அசையாது. மூன்றாவது, கடைக்காரரின் முகவரிக்கு மெயிலை ஃபார்வர்டு செய்வதால் வருவது. `Forwarded message` என்ற கோடும் அதன் கீழ் நாலைந்து வரிகளும் மெயிலின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

கடைசி இரண்டையும் தவிர்க்க, பிரிண்ட் பெட்டியை `Cancel` செய்யுங்கள். பின்னால் தெரியும் பக்கத்தில் தேவையான பகுதியை மட்டும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து `Ctrl+P` அழுத்துங்கள். `More settings`-ல் `Selection only` என்று ஒன்று புதிதாக வந்திருக்கும். அதை டிக் செய்தால் தேர்ந்தெடுத்தது மட்டும் அச்சாகும். வலது ஓர வெட்டும் பல சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

ஆனால் வங்கிக்கோ, வரிக் கணக்குக்கோ, தகராறு ஒன்றுக்கோ கொடுக்கப்போகும் பிரதி என்றால் அனுப்பியவர், பெறுபவர், தேதி வரிகளை எடுக்காதீர்கள். கணக்கை அனுப்பியது யார் என்று காகிதத்தில் சொல்வது அவை மட்டும்தான். இதற்கு ஃபார்வர்டு செய்த மெயிலைவிட, உங்கள் போனிலேயே மூன்று புள்ளி, `Print`, `Save as PDF` என்று போய்ச் சேமித்த கோப்பு மேல். சேமித்ததும் திறந்து, கடைசிக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். போனிலும் அது வெட்டுப்படுவதுண்டு.

கடையை விட்டுக் கிளம்பும்முன், அங்குள்ள கணினியின் `Downloads` பகுதியில் கிடக்கும் உங்கள் கோப்பை அழிக்கச் சொல்லுங்கள்.