மூன்று மணி நேர வகுப்பில் கேமரா அணையாமல் இருக்க



குழுக்கள் ஆரி வேலை, தையல் போன்ற வகுப்புகளை இணையம் வழியாகவும் நடத்துகின்றன. ஊசி போகும் இடம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சில கூட்டமைப்புகள் மிரர்லெஸ் கேமராவை லேப்டாப்போடு இணைத்து வெப்கேம் போலப் பயன்படுத்துகின்றன. படம் அருமையாக இருக்கும். ஆனால் வகுப்பு பாதி நடக்கும்போது பொசுக்கென்று திரை கறுத்துவிடும். கட்டணம் கட்டிப் பார்க்கும் பெண்களிடம் என்ன பதில் சொல்வது? இது ஏன் நடக்கிறது, எப்படித் தடுப்பது என்பதே இந்த மாதப் பாடம்.

பேட்டரி ஏன் தாங்குவதில்லை?

பலரிடம் இருக்கும் கேனான் இஓஎஸ் எம்50 கேமராவையே எடுத்துக்கொள்வோம். இது 2018-ல் வந்தது. இதன் பேட்டரி கைக்கு அடக்கமான சின்னப் பேட்டரி. போட்டோ எடுக்கும்போது கேமரா இடையிடையே ஓய்வெடுக்கும். வெப்கேமாக ஓடும்போது ஒரு நொடிகூட ஓய்வு கிடையாது. அதனால் பேட்டரி புதிதாக இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். பழைய பேட்டரி என்றால் இன்னும் சீக்கிரம்.

"யூஎஸ்பி ஒயர்தான் லேப்டாப்பில் மாட்டியிருக்கே, சார்ஜ் ஏறாதா?" என்று பலர் கேட்கிறார்கள். எம்50-ல் ஏறாது. அந்த ஒயர் படத்தை மட்டுமே கொண்டுபோகும், கரண்டைக் கொண்டுவராது. இந்தக் கேமராவுக்கு வழி டம்மி பேட்டரிதான்.

டம்மி பேட்டரி என்றால் என்ன?

பார்க்க அசல் பேட்டரி போலவே இருக்கும். உள்ளே மின்சாரம் சேமித்து வைக்க ஒன்றும் இல்லை. அதிலிருந்து வரும் ஒயரின் மறுமுனையை அடாப்டரிலோ பவர் பேங்கிலோ செருக வேண்டும். பேட்டரி என்பது குடத்துத் தண்ணீர் என்றால், டம்மி பேட்டரி குழாய்த் தண்ணீர். குழாயில் வரும்வரை தீராது. நின்றால் அந்த நொடியே நின்றுபோகும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

வாங்கும்போது பழைய பேட்டரியைக் கையில் கொண்டுபோங்கள். எம்50-க்கு எல்பி-இ12 பேட்டரிக்குப் பதிலாகப் பொருந்துவது என்று கேட்க வேண்டும். அசல் பேட்டரி 7.2 வோல்ட். முழு சார்ஜில் 8.4 வோல்ட் வரை இருக்கும். டம்மி பேட்டரியும் 8 வோல்ட்டை ஒட்டித்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் கிடக்கும் 12 வோல்ட் அடாப்டரின் ஒயரை வெட்டி ஒட்டக் கூடாது. கேமராவே போய்விடும்.

மாட்டும் முறை

கேமராவை அணைத்துவிட்டு அசல் பேட்டரியை எடுங்கள். டம்மி பேட்டரியை அதே பக்கம் பார்த்துச் செருகுங்கள். பேட்டரி அறையின் ஓரத்தில் சின்ன ரப்பர் மூடி இருக்கும். அதைத் திறந்து ஒயரை அந்த வழியாக வெளியே விட்டு, பிறகு கதவை மூடுங்கள். கதவு சரியாக மூடாவிட்டால் கேமரா இயங்காது. ஸ்டாண்டில் பொருத்தும் தகடு ஒயரை நசுக்காமல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒயரை ஸ்டாண்டின் காலில் டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். யாராவது கால் தடுக்கி இழுத்தாலும் இழுப்பு டேப்போடு நிற்கும், கேமராவுக்குப் போகாது.

மெனுவில் Auto power off என்பதை Disable என்று மாற்றுங்கள். இல்லையென்றால் கரண்ட் இருந்தும் கேமரா தானாகத் தூங்கிவிடும்.

கரண்ட் போனால் என்ன பண்றது?

சுவரில் செருகும் அடாப்டரை மட்டும் நம்பினால், மின்தடை வந்ததும் லேப்டாப் ஓடிக்கொண்டிருக்கும், கேமரா மட்டும் செத்துவிடும். அந்த நேரம் மெமரி கார்டில் பதிவு ஓடிக்கொண்டிருந்தால் அந்த வீடியோவும் கெட்டுப்போகலாம். இன்வெர்ட்டர் இருந்தாலும், கரண்ட் மாறும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தில் சில இடங்களில் கேமரா அணைந்து எழும். அதனால் மின்தடை உள்ள ஊர்களுக்கு யூஎஸ்பி முனை கொண்ட டம்மி பேட்டரியும் பவர் பேங்கும் நல்லது. இதில் ஒயரின் நடுவே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். பவர் பேங்கின் 5 வோல்ட்டை 8 வோல்ட்டாக உயர்த்துவது அதுதான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஆரி வகுப்பு காலை 10 முதல் 1 மணி வரை, 3 மணி நேரம். கேமரா மணிக்குச் சுமார் 4.5 வாட்-மணி மின்சாரம் சாப்பிடும். மூன்று மணிக்கு 13.5. பவர் பேங்கில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால், அது 37 வாட்-மணி. வோல்ட் மாற்றுவதில் வீணாவது போக மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 24 கையில் நிற்கும் என்று வையுங்கள். 24-ஐ 4.5-ஆல் வகுத்தால் 5 மணி நேரத்துக்கு மேல் வரும். வகுப்புக்குத் தாராளம். அசல் பேட்டரியில் நடத்தினால் 3 பேட்டரி வேண்டும், இரண்டு முறை வகுப்பை நிறுத்தி மாற்ற வேண்டும்.

பவர் பேங்கின் 2 ஆம்பியருக்குக் குறையாத துளையில் செருகுங்கள். 1 ஆம்பியர் துளையில் செருகினால் கேமரா எரியும், ஃபோகஸ் செய்யத் தொடங்கியதும் அணையும், மறுபடி எரியும். இப்படி நடந்தால் கேமரா பழுது என்று கடைக்குத் தூக்கிப் போகாதீர்கள். முதலில் துளையையும் ஒயரையும் மாற்றிப் பாருங்கள்.

யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் கேமராக்கள்

2021-ல் வந்த சோனி இசட்வி-இ10 போன்றவை யூஎஸ்பி ஒயர் வழியாகவே மின்சாரம் எடுக்கும். மெனுவில் USB Power Supply என்பதை On செய்ய வேண்டும். இதில் அசல் பேட்டரி உள்ளேயே இருக்க வேண்டும். ஒயர் கழன்றாலும் பேட்டரி தாங்கிக்கொள்ளும். குழாயும் உண்டு, குடமும் உண்டு. ஆனால் லேப்டாப் கொடுக்கும் கரண்ட் போதாவிட்டால் பேட்டரி மெதுவாக இறங்கும். அரை மணிக்கு ஒருமுறை பேட்டரி அடையாளத்தைப் பாருங்கள்.

சூடு

நெடுநேரம் ஓடினால் கேமரா சூடாகும். திரையைக் கேமராவோடு ஒட்டாமல் விரித்து வையுங்கள், வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெப்பமானி அடையாளம் திரையில் வந்தால் இடைவேளை விட்டு ஆற வையுங்கள். கேமராவுக்கு முன்னே டம்மி பேட்டரியோ ஒயர்ப் பெட்டியோ கை வைக்க முடியாதபடி சுட்டாலும், வாடை வந்தாலும் உடனே கழற்றிவிடுங்கள்.

முடிக்கும்போது முதலில் கேமராவை அணைத்து, பிறகே ஒயரை எடுக்க வேண்டும்.

குழுவில் செய்து பார்க்க

1. வகுப்புக்கு முந்தின நாள், வகுப்பு நடக்கும் அதே நேர அளவுக்குக் கேமராவை ஓடவிடுங்கள். பவர் பேங்கில் எவ்வளவு மீதி என்று நோட்டில் எழுதுங்கள்.

2. மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். கேமரா, லேப்டாப், இணையப் பெட்டி மூன்றும் ஓடுகிறதா?

3. உங்கள் கேமரா யூஎஸ்பியில் கரண்ட் எடுக்குமா, டம்மி பேட்டரி வேண்டுமா? கேமராவுடன் வந்த புத்தகத்தைப் பார்த்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.