ஞாயிறு 11:59 என்றால் நமக்கு எத்தனை மணி?

கேள்வி: கோவையில் வேலை பார்த்துக்கொண்டே, அமெரிக்கக் கிழக்குக் கரையில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் ஆன்லைனில் எம்.எஸ். படிக்கிறேன். பாடங்கள் நடப்பது கேன்வாஸ் தளத்தில். எல்லா அசைன்மென்ட்டுக்கும் ஞாயிறு இரவு 11:59 தான் கெடு. நம்ம ஊருக்கு அது திங்கள் காலை 10:29 என்று ஜனவரியிலேயே கணக்குப் போட்டு வைத்துக்கொண்டேன், ஒருமுறையும் தவறியதில்லை. மார்ச் 8-ம் தேதி கெடு உள்ளதை 9-ம் தேதி திங்கள் காலை 10:05-க்கு ஏற்றினேன். Late என்று விழுந்துவிட்டது! 50-க்கு 44 போட்ட பேராசிரியர், தாமதத்துக்காக 5 கழித்து 39 ஆக்கிவிட்டார். நாளைக்கு 10 சதவீதம் கழிப்பார்கள் என்றுதான் விதி. 44-ல் 10 சதவீதம் 4.4 தானே? இன்னொரு அசைன்மென்ட் ஏற்ற முடியாமல் திணறியதால் கெடுவுக்கு முன்பே மெயிலில் அனுப்பினேன். அதற்கு Missing என்று காட்டுகிறது. போதாக்குறைக்கு Total என்ற இடத்தில் 86.67% இருந்தது, ஏதோ ஒரு டிக்கை எடுத்ததும் 52% ஆகிவிட்டது. எதை நம்புவது?

பதில்: உங்கள் ஜனவரிக் கணக்கு சரியானதுதான். மார்ச்சில் அது செல்லாமல் போய்விட்டது.

அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு அதிகாலை 2 மணிக்குக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். 2026-ல் அந்த ஞாயிறு மார்ச் 8, அதாவது உங்கள் கெடு நாளேதான். அதுவரை கிழக்குக் கரைக்கும் நமக்கும் பத்தரை மணி நேர இடைவெளி. அன்று முதல் ஒன்பதரை. ஞாயிறு இரவு 11:59 என்ற எழுத்து போர்ட்டலில் அப்படியே இருந்தது, ஆனால் நம் கடிகாரத்தில் அது திங்கள் 10:29-லிருந்து 9:29-க்கு வந்துவிட்டது. நீங்கள் ஏற்றியபோது கெடு முடிந்து 35 நிமிடம். நம் நாட்டில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை என்பதால் இது நமக்கு நினைவுக்கே வருவதில்லை. உங்களுக்கு வகுப்புத் தொடங்கியது ஜனவரியில், அதனால் மார்ச்சில் அகப்பட்டீர்கள். ஆகஸ்டில் சேர்பவர்களுக்கு நவம்பரில் இது தலைகீழாக நடக்கும். கெடு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும் என்பதால் அவர்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

இந்தக் கணக்கை நீங்கள் மனதில் போடவே வேண்டாம். கேன்வாஸில் இடது ஓரத்தில் Account, அதற்குள் Settings, அதில் Edit Settings என்று அழுத்தினால் Time Zone என்ற பட்டியல் வரும். புதிதாகச் சேர்பவர்களுக்குப் பல்கலைக்கழகத்தின் நேரமே அதில் இருக்கும், நாமாக மாற்றினால்தான் உண்டு. பட்டியலில் நியூ டெல்லி, மும்பை, கொல்கத்தாவோடு சென்னையும் தனியாக இருக்கிறது. (நான்கும் ஒரே நேரம்தான் என்றாலும் சென்னையைத் தேடி எடுப்பதில் ஒரு சின்ன சந்தோஷம்.) அதைத் தேர்ந்தெடுத்து Update Settings கொடுத்துவிட்டால், எல்லாக் கெடுவும் நம் நேரத்திலேயே காட்டும், கோடை நேர மாற்றத்தையும் தளமே பார்த்துக்கொள்ளும். உங்கள் மார்ச் 8 அசைன்மென்ட் அப்போது இப்படித் தெரிந்திருக்கும்:

```
Due Mar 9 by 9:29am
```

இந்த 9:29 என்ற விநோத நிமிடக் கணக்கே நல்ல அடையாளம். எந்தப் பேராசிரியரும் காலை 9:29-க்குக் கெடு வைக்கமாட்டார். கெடு 29-ல் முடிந்தால் போர்ட்டல் இந்திய நேரத்தில் பேசுகிறது, 11:59 என்று முடிந்தால் அமெரிக்க நேரத்தில் பேசுகிறது என்று ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். சந்தேகம் தீரவில்லையென்றால் தேதியின் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். உங்கள் நேரமும் பாடத்தின் நேரமும் வேறாக இருந்தால், Local என்று ஒன்றும் Course என்று ஒன்றும் சேர்ந்து தெரியும்.

இனி அந்த 5 மதிப்பெண். தாமதக் கழிவை ஆசிரியர் தளத்தில் ஒருமுறை விதியாக அமைத்துவிட்டால், பிறகு தளமே கழித்துவிடும். அது கழிப்பது நீங்கள் வாங்கிய மதிப்பெண்ணில் அல்ல, அந்த அசைன்மென்ட்டின் மொத்த மதிப்பெண்ணில். 50-ல் 10 சதவீதம் 5. ஆகவே 39 சரி, 39.6 தவறு. 50-க்கு 20 வாங்கியவருக்கும் 5 தான் போகும். குறைவாக வாங்கியவருக்குத்தான் இந்த அடி பலமாக விழும். 35 நிமிடத்துக்கு ஒரு முழு நாள் கழிவா என்றால், ஆமாம். விதி நாள் கணக்கில் இருந்தால் ஒரு நிமிடத் தாமதமும் ஒரு நாள்தான், 24 மணி நேரம் தாண்டி ஒரு நிமிடம் ஆனால் இரண்டு நாள். மணிக்கணக்கில் விதி வைக்கும் ஆசிரியர்களும் உண்டு, அப்போது உங்களுக்கு ஒரு மணி நேரக் கழிவோடு போயிருக்கும். எந்த விதி என்பது அந்தப் பாடத்தின் சிலபஸில் இருக்கும். 11:59 கெடு என்றால் 11:59:59 வரை ஏற்றுக்கொள்ளும் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அந்தக் கடைசி வினாடிகளை நம்பி யாரும் இறங்க வேண்டாம்.

Late என்ற சொல்லில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நேரத்தோடு ஏற்றிவிட்டு, ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தக் கெடு முடிந்தபின் மறுபடியும் ஏற்றினால், தளம் கடைசியாக ஏற்றியதைத்தான் பார்க்கும். முதலில் ஏற்றியது நேரத்துக்கு வந்ததாக இருந்தாலும் Late விழுந்துவிடும். அற்பப் பிழை என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்து Missing. இதை நம்மில் பலர் வாத்தியார் கோபமாக எழுதிய வார்த்தை மாதிரி எடுத்துக்கொள்கிறோம். தளத்தில் ஏற்ற வேண்டிய அசைன்மென்ட்டுக்குக் கெடு முடியும்போது கோப்பு எதுவும் இல்லையென்றால், அது தானாக ஒட்டும் சீட்டு, அவ்வளவுதான். உங்கள் மெயில் பேராசிரியரின் இன்பாக்ஸில் இருப்பது தளத்துக்குத் தெரியாது. ஆனால் அந்தச் சீட்டைச் சும்மா விடவும் முடியாது. Missing விழுந்தால் பூஜ்யம் போடு என்று ஆசிரியர் விதி வைத்திருந்தால், அந்தப் பூஜ்யமும் தானாகவே விழும்.

அந்த அசைன்மென்ட் பக்கத்தைத் திறந்து, கெடுவுக்குப் பக்கத்தில் Available என்ற வரியைப் பாருங்கள். Due என்பது கெடு. Available until என்பது கதவு மூடும் நேரம். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் இன்றைக்கும் ஏற்றலாம். Missing போய் Late வரும். உடனே ஏற்றிவிட்டு, பேராசிரியருக்கோ அவருடைய டீச்சிங் அசிஸ்டென்டுக்கோ எழுதுங்கள். கதை வேண்டாம். அசைன்மென்ட்டின் பெயர், மெயில் அனுப்பிய தேதியும் நேரமும் (அவர்கள் நேரத்தில்), ஏற்றும்போது வந்த பிழைச் செய்தியின் படம் இருந்தால் அது, அதே கோப்பை இப்போது ஏற்றியிருக்கிறேன் என்ற ஒரு வரி, இவை போதும். அந்தச் சீட்டைக் கையால் எடுத்துவிட ஆசிரியருக்கு வசதி இருக்கிறது. அவர் மனது வைத்தால் Excused என்றும் போடலாம், அப்போது மதிப்பெண் இடத்தில் EX என்று வரும், அந்த அசைன்மென்ட் மொத்தக் கணக்கிலேயே சேராது. கதவு மூடிவிட்டதென்றால் ஏற்றும் பொத்தானே இருக்காது. மெயில் ஒன்றுதான் வழி.

இனிமேல் ஏற்றி முடித்ததும் பக்கத்தின் வலது பக்கம் Submitted! என்ற வார்த்தையும் அதன் கீழே நேரமும் வந்துவிட்டதா என்று பாருங்கள். அது வராமல் மடிக்கணினியை மூடாதீர்கள். கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டு Submit Assignment அழுத்த மறந்தவர்கள்தான் இந்த Missing கூட்டத்தில் பாதிப் பேர் என்பது என் அனுபவம்.

கடைசியாக 86.67-ம் 52-ம். இரண்டும் சரி, இரண்டும் வெவ்வேறு கேள்விக்கான விடை. உங்கள் பாடத்தின் எடை அளவுகளை நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த இரண்டு எண்களும் வர இப்படி இருந்தால் பொருந்தும்: வீட்டுப்பாடங்களுக்கு 40, இடைத்தேர்வுக்கு 20, இறுதி ப்ராஜெக்டுக்கு 40. வீட்டுப்பாடங்களில் 95 சதவீதம், இடைத்தேர்வில் 70 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது 38 புள்ளி தரும், இரண்டாவது 14. சேர்த்தால் 52. ப்ராஜெக்ட் இன்னும் திருத்தப்படாததால் போர்ட்டல் அதன் 40-ஐ ஒதுக்கிவைத்துவிட்டு, மிச்சமுள்ள 60-க்கு 52 என்று கணக்கிட்டு 86.67 காட்டுகிறது. நீங்கள் எடுத்துவிட்ட டிக் `Calculate based only on graded assignments` என்பது. அதை எடுத்ததும், திருத்தாதவற்றுக்கெல்லாம் பூஜ்யம் என்று எண்ணி 100-க்கு 52 காட்டிவிட்டது. இதுவரை எப்படிப் படித்திருக்கிறோம் என்று பார்க்க முதல் எண்ணும், இனி ஒன்றுமே செய்யாவிட்டால் எங்கே நிற்போம் என்று பார்க்க இரண்டாவதும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. டிக்கை மறுபடி போட்டுவிட்டு, Grades பக்கத்தில் ப்ராஜெக்டின் மதிப்பெண் இடத்தைச் சொடுக்கி, கிடைக்கும் என்று நினைக்கும் எண்ணைத் தட்டுங்கள். தளம் அதை What-If கணக்கு என்கிறது; ஆசிரியருக்குத் தெரியாது, பதிவிலும் ஏறாது. மொத்தம் 90 வேண்டுமென்றால் ப்ராஜெக்டில் 95 எடுத்தாக வேண்டும் என்று உங்கள் கணக்கு சொல்லும். 90-க்கு என்ன கிரேடு என்பது பாடத்துக்குப் பாடம் மாறும், சிலபஸைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் Revert to Actual Score கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் போலி எண்ணைப் பார்த்து நீங்களே ஏமாந்துபோவீர்கள்.

மதிப்பெண் இடத்தில் கோடு போட்ட கண் படம் தெரிந்தால், ஆசிரியர் இன்னும் வெளியிடவில்லை என்று பொருள். அந்த மதிப்பெண் உங்கள் Total-இல் இன்னும் சேர்ந்திருக்காது, எனவே வகுப்பு முழுவதற்கும் திறந்துவிடும் நாளில் எண் சட்டென்று ஏறலாம், இறங்கலாம்.

உங்கள் 39 மாறுமா என்று கேட்டால், கேட்டுப் பார்க்கலாம். மார்ச் 8 அன்று கடிகாரம் மாறியதைக் கவனிக்கவில்லை, வேறெந்த வாரமும் தாமதித்ததில்லை என்று ஒரு வரி எழுதினால் முதல் முறைக்கு விட்டுக்கொடுக்கும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். விதி விதிதான் என்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்த மாற்றம் 2026 நவம்பர் 1, ஞாயிறு. அன்றிரவு 11:59 கெடு உங்களுக்கு நவம்பர் 2, திங்கள் காலை 10:29-ஆகத் திரும்பும்.