நிழற்பட வரைபடத்தில் சரிவு விகிதம் காணல்

இந்திய நில அளவைத் துறை வெளியிடும் 1:50,000 அளவுடைய நிலவரைபடத் தாளில் 1 செ.மீ. நீளம் நிலத்தில் 500 மீட்டரைக் குறிக்கும். அத்தாளை அலைபேசியால் படமெடுத்துத் திரையில் விரித்தாலோ, வேறோர் அளவில் அச்சிட்டாலோ, படத்தின் ஓரத்தில் 1:50,000 என்னும் எழுத்து அப்படியே இருக்கும்; ஆனால் அது உண்மையாக இராது. அத்தகைய நிழற்படத்திலிருந்து இரு புள்ளிகளுக்கு இடையிலான சரிவைக் கணக்கிடும் முறையை இப்பாடத்தில் காண்போம்.

மாறுவதும் மாறாததும்

சரிவு விகிதம் என்பது இரு இடங்களின் உயர வேறுபாட்டை அவற்றின் கிடைமட்டத் தொலைவால் வகுத்துப் பெறுவதாகும்.

சரிவு விகிதம் = உயர வேறுபாடு ÷ கிடைமட்டத் தொலைவு

உயர வேறுபாட்டைச் சமஉயரக்கோடுகள் தருகின்றன. அடுத்தடுத்த இரு கோடுகளுக்கிடையே உள்ள உயர வேறுபாடே சமஉயரக்கோட்டு இடைவெளி. அது 20 மீட்டர் எனில், படத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் 20 மீட்டராகவே நிற்கும். தொலைவோ படத்தில் அளந்து பெறப்படுவது. எனவே படத்தின் அளவு மாறும்போது அதுவும் மாறும்.

இதற்குத் துணை செய்வது வரைபடத்தின் அடியில் உள்ள நேர்கோட்டு அளவை. படம் விரியும்போது அக்கோடும் அதே விகிதத்தில் விரிகிறது. ஆகவே நிழற்படத்தில் எண்ணாலான அளவை விடுத்து, நேர்கோட்டு அளவையையே கொள்ள வேண்டும். அதனையும் புள்ளிகளின் தொலைவையும் ஒரே உருப்பெருக்கத்தில் அளத்தல் வேண்டும்.

படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் இம்முறையும் பிழைபடும். தொலைவில் உள்ள பகுதி சுருங்கித் தோன்றும். வரைபடச் சட்டத்தின் எதிரெதிர் ஓரங்கள் ஏறத்தாழ ஒரே நீளமுடையனவா என அளந்து பார்த்தால் இது விளங்கிவிடும். வேறுபாடு தெரிந்தால், கருவியைத் தாளுக்கு நேர்மேலே பிடித்து மீண்டும் படமெடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டு

ஒரு குன்றின் மாதிரிப் படத்தைக் கொள்வோம். அடிவாரத்தில் உள்ள ‘அ’ என்னும் புள்ளி 20 மீட்டர் கோட்டின் மீதும், மேலே உள்ள ‘ஆ’ என்னும் புள்ளி 80 மீட்டர் கோட்டின் மீதும் உள்ளன. 20, 40, 60, 80 எனக் கோடுகள் நான்கு. அவற்றின் இடைவெளிகளோ மூன்றே. எனவே உயர வேறுபாடு 3 × 20 = 60 மீட்டர். கோடுகளை எண்ணி 80 மீட்டர் என்று கொள்வது தவறு.

நிழற்படத்தில் 1 கி.மீ. குறிக்கும் நேர்கோட்டு அளவையின் நீளம் 2.5 செ.மீ. ஆகவே 1 செ.மீ. என்பது 400 மீட்டர். அ–ஆ தொலைவு 1.5 செ.மீ.; நிலத்தில் அது 600 மீட்டர்.

சரிவு விகிதம் = 60 ÷ 600 = 1:10

அதாவது 10 மீட்டர் தொலைவுக்கு 1 மீட்டர் ஏற்றம். எழுத்திலுள்ள 1:50,000 அளவைக் கொண்டிருந்தால் தொலைவு 750 மீட்டர் என்றும், சரிவு 1:12.5 என்றும் பிழையாகக் கிடைத்திருக்கும்.

இங்குக் கண்ட 600 மீட்டர் கிடைமட்டத் தொலைவே. மலைமீது நடந்து அளக்கும் நீளமன்று. 1802ஆம் ஆண்டு வில்லியம் லாம்டன் பறங்கிமலையருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தபோதும், சாய்வான பகுதிகளின் நீளத்தைக் கிடைமட்ட நீளமாகத் திருத்தியே கணக்கிட்டார்.

நூம்பல் போன்ற சமவெளியில்

சென்னையின் மேற்குப் புறநகரில் பூவிருந்தவல்லியை அடுத்த நூம்பலுக்கு இம்முறையைக் கொண்டுசென்றால் அதன் எல்லை புலப்படும். தட்டையான நிலத்தில் சமஉயரக்கோடுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் அமையும். 4 கி.மீ. இடைவெளியுள்ள இரு புள்ளிகள் அடுத்தடுத்த ஒரே இரு கோடுகளுக்கு நடுவே அமைகின்றன எனக் கொள்வோம். அவற்றினிடையே கோடு எதுவும் இல்லாமையால் சரிவு சுழியம் என்று முடிவுசெய்தல் கூடாது. உயர வேறுபாடு 20 மீட்டருக்குக் குறைவு என்பதே நாம் அறிவது. எனவே சரிவு 1:200ஐவிடக் குறைவு என்று மட்டுமே கூற இயலும். எந்தப் புள்ளி உயர்ந்தது என்பதையும் அப்படம் உறுதியாகக் காட்டாது.

மழைநீர்க் கால்வாய்க்கோ அதுவே முதன்மையான வினா. கிலோமீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம், அதாவது 1:1000 சரிவு, நீரை ஒரு பக்கம் ஓடச் செய்யும்; 20 மீட்டர் இடைவெளிக் கோடுகளோ அதனைக் காட்டா. அத்தகைய பணிக்குச் சமமட்ட அளவியால் நிலத்திலேயே உயரங்களை அளத்தல் வேண்டும்.

பயிற்சி: மேற்கண்ட படத்தை இருமடங்கு பெரிதாக்கினால் நேர்கோட்டு அளவையும் அ–ஆ தொலைவும் எத்தனை செ.மீ. ஆகும்? சரிவு விகிதம் மாறுமா? காரணம் கூறுக.